சிகரட்டுக்கு மட்டும் கைக்காசு

தோட்டத்துப் பக்கம் இருக்கிற சின்னக் கடையொன்றில் ஒரு பின்னேரம் நின்று பார்த்தால் போதும். அரிசி, மா, சீனி, பருப்பு எல்லாம் கொப்பியில் ஏறும். "சம்பளத்துக்குத் தாறேன் முதலாளி" என்று சொன்னால் முதலாளியும் தலையாட்டிவிட்டு எழுதிக்கொள்வார். ஆனால் சிகரட் வாங்க வருகிறவர் பெரும்பாலும் காசை மேசையில் வைத்துவிட்டுத்தான் வாங்குகிறார். ஒன்று, அல்லது ரெண்டு. முழுப் பெட்டி வாங்குகிறவரை அங்கே காண்பது அபூர்வம்.

இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்லவருவது இந்த ஒரு விசயத்தைப் பற்றித்தான். கஷ்டப்பட்ட வீட்டில் எந்தச் செலவு முதலில் போகிறது, எது கடைசியில் நிற்கிறது? அரிசிக்குக் கடன் சொல்லலாம். டியூசன் காசுக்கு "அடுத்த மாசம் தாறோம் சேர்" என்று தவணை கேட்கலாம். பாட்டியின் பிரஷர் மருந்தை ரெண்டு நாள் தள்ளிப்போடலாம். புகையிலைக்கு மட்டும் தவணை இல்லை. அது அன்றன்றே, கைக்காசாக, எல்லாவற்றுக்கும் முதல் போகிறது. மிச்சத்தில்தான் வீடு ஓடுகிறது.

"ஏழைகள் குடிச்சும் பத்தியும்தான் ஏழையாயிட்டாங்க" என்று சொல்கிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. சம்பளம் குறைவு என்பதுதான் முதல் காரணம். அதை மறைத்துவிட்டு சிகரட்டை மட்டும் காட்டுவது அயோக்கியத்தனம். அதே நேரம், "பாவம், அந்த மனுசனுக்கு இருக்கிற ஒரே சந்தோசம் அது, விடுங்களேன்" என்கிற இரக்கத்தையும் எங்களால் ஏற்க முடியவில்லை. அந்தச் சந்தோசத்துக்கு விலை கொடுப்பது அவர் மட்டும் இல்லையே. அதே வீட்டில் இருக்கிற பிள்ளையும் கொடுக்கிறது.

ஒரு வீட்டுக் கணக்கு

கணக்குக்காக ஒரு வீட்டை எடுப்போம். இது நாங்கள் கற்பனையில் கட்டிய வீடு. விலைகளும் கணக்கு இலகுவாக இருக்க நாங்கள் போட்டவை. உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டுத் திருத்திப் பாருங்கள்.

லயத்தில் ஐந்து பேர்: அம்மா, அப்பா, பாட்டி, எட்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் படிக்கிற ரெண்டு பிள்ளைகள். அம்மா கொழுந்து எடுக்கிறார். 2024 செப்டெம்பரில் தீர்மானிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. மாதத்தில் 20 நாள் பேர் விழுந்தால் 27,000. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழிந்தால் கையில் 24,840 ரூபா. அப்பா வெளியே கட்டட வேலைக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் போகிறார். நாளுக்கு 2,200 ரூபா, மாதம் 18 நாள் வேலை கிடைக்கிறது, 39,600 ரூபா. ரெண்டும் சேர்த்து வீட்டுக்கு 64,440.

அப்பா நாளுக்கு நாலு சிகரட் பத்துகிறார். ஒன்று 100 ரூபா என்று வைத்தால் நாளுக்கு 400. அவரைக் கேட்டால் "நாலே நாலுதான்" என்பார். பொய்யும் இல்லை. ஆனால் வேலை 18 நாள்தான், சிகரட் 30 நாளும். மாதம் 12,000 ரூபா. அம்மாவும் பாட்டியும் வெற்றிலை போடுகிறார்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, போயிலை எல்லாம் சேர்த்து ரெண்டு பேருக்கும் நாளுக்கு 80 ரூபா, மாதம் 2,400. மொத்தம் 14,400 ரூபா. வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு நூறு ரூபாவிலும் 22 ரூபா.

இந்த 22 ரூபாவைக் கேட்டதும் பெரிசாகப் படாமல் போகலாம். இப்படிப் பாருங்கள்: கழிவெல்லாம் போக அம்மாவுக்கு ஒரு நாளைக்கு மிஞ்சுவது 1,242 ரூபா. அப்பாவின் சிகரட் காசு, அம்மா கிட்டத்தட்ட 10 நாள் மலையேறிக் கொழுந்து எடுத்த காசு. அவர் மாதத்தில் வேலை செய்வதே 20 நாள்.

மழை மாதம் வந்தால் கணக்கு இன்னும் மோசம். அப்பாவுக்கு 18 நாளுக்குப் பதிலாக 10 நாள்தான் வேலை கிடைக்கிறது என்று வைப்போம். வருமானம் 46,840க்கு இறங்கிவிடும். புகையிலை 14,400 அப்படியே நிற்கும். நூறில் 22 ஆக இருந்தது இப்போது 31. வேலை இல்லாத நாளில்தான் கை சும்மா இருக்கிறது, மனமும் சோர்ந்து கிடக்கிறது, அதனால் நாலு ஐந்தாவதும் உண்டு. வருமானம் குறைகிற மாதத்தில் வீட்டில் எல்லாச் செலவும் சுருங்கும், இது ஒன்றுதான் சுருங்க மறுக்கும்.

எது முதலில் காணாமல் போகும்?

காசு பற்றாதபோது வீடுகள் சோற்றில் கைவைப்பதில்லை. அரிசியும் மாவும் எப்படியாவது வந்துவிடும், ரொட்டி தட்டிவிடுவார்கள், வயிறும் நிரம்பும். காணாமல் போவது முட்டை, நெத்தலி, பால்மா, பருப்பு, பழம்.

இது நாங்கள் மட்டும் சொல்வது இல்லை. இந்தோனேசியாவின் நடு ஜாவாவில் கிராமத்துக் குடும்பங்களை ஆராய்ந்து ஸ்டீவன் புளொக், பட்ரிக் வெப் என்ற இருவர் 2009இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். புகைக்கிறவர் இருக்கிற வீடுகள் தங்கள் செலவில் ஏறக்குறைய 10 சதவீதத்தைப் புகையிலைக்குக் கொடுத்தன. அந்தக் காசில் சுமார் 70 சதவீதம் சாப்பாட்டுச் செலவைக் குறைத்து எடுத்த காசு. அதிலும் அந்த வீடுகளில் அரிசி நின்றது, சத்துள்ள சாப்பாடுதான் குறைந்தது. இந்தியக் குடும்பங்களின் செலவுக் கணக்கை வைத்து ரிஜோ ஜோன் என்ற பொருளியலாளர் 2008இல் எழுதிய ஆய்வும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. புகையிலை பாவிக்கிற வீடுகளில் பாலுக்கும் படிப்புக்கும் சுத்தமான எரிபொருளுக்கும் போகிற காசு குறைகிறது.

எங்கள் பக்கம் திரும்புவோம். 2016ஆம் ஆண்டுச் சனத்தொகை சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நுவரெலியா மாவட்டத்தில் அது 32 சதவீதம். அதற்குச் சம்பளம், லயத்து வாழ்க்கை, தண்ணீர், தாயின் உடல்நிலை என்று பல காரணம் இருக்கு. புகையிலை மேல் முழுப் பழியையும் போட முடியாது. ஆனால் பிள்ளையின் தட்டில் இருந்து முட்டை போகிற வழிகளில் இதுவும் ஒன்று. அதிலும் வீட்டுக்காரர் கையாலேயே மூடக்கூடிய வழி இது.

படிப்பும் அப்படித்தான். பள்ளிக்கூடம் இலவசம் என்று பேர். ஆனால் கொப்பி, சப்பாத்து, பஸ் காசு, வசதிக் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேலே டியூசன். இந்தச் செலவுகள் ஒரே தடவையில் பெரிய தொகையாக வந்து நிற்கும். சிகரட்டோ நூறு நூறாகப் போகும். இதில்தான் சூட்சுமம் இருக்கு. "ஆயிரத்து இருநூறு ரூபா டியூசன் காசுக்கு எங்க போறது?" என்று வீடே யோசிக்கும். அந்த 1,200 மூன்று நாள் சிகரட் என்பது யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் அது 1,200 ஆக ஒரு நாளும் கண்ணில் பட்டதே இல்லை.

மருந்துக்கும் அதே கதி. ஆஸ்பத்திரி கிளினிக் இலவசம். ஆனால் போய்வர பஸ் காசு வேண்டும், சில மருந்து அங்கே இல்லாவிட்டால் துண்டு எழுதித் தருவார்கள், வெளியே பாமசியில் வாங்க வேண்டும். பிரஷர் மருந்தை நிறுத்தினால் அடுத்த நாளே எதுவும் நடக்காது. பாட்டி எழும்பி நடப்பார், தேத்தண்ணி போடுவார். அதனால்தான் அது தள்ளிப்போகிறது. சிகரட்டைத் தள்ளிப்போட்டால் ஒரு சில மணித்தியாலத்திலேயே தலையிடி, எரிச்சல். எது சத்தம் போடுகிறதோ அதற்குத்தான் காசு போகும். நிக்கொட்டின் சத்தம் போடும். பிள்ளையின் எலும்பு சத்தம் போடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிக்கொட்டின் பசியை மந்தப்படுத்தும். காலையில் சாப்பிடாமல் வேலைக்குப் போகிறவர் ஒரு பிளேன்ரீயும் ஒரு சிகரட்டும் அடித்துவிட்டுப் பத்து மணிவரை தாக்குப்பிடிப்பார். கொழுந்து மலையில் வெற்றிலையும் அதே வேலையைச் செய்கிறது. ஆக, இது ஊதாரித்தனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. பசிக்கும் குளிருக்கும் களைப்புக்கும் கிடைத்த மலிவான மருந்தாகத்தான் பலருக்கு இது தொடங்கியது. பிறகு மருந்தே வருத்தமாகிவிட்டது.

அந்தக் காசைத் திருப்பி எடுப்பது

"விட்டுடுங்கப்பா" என்று சொன்னால் யாரும் விடுவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். காசு எந்த வழியாகப் போகிறதோ அதே வழியில் நின்றுதான் அதை மறிக்க வேண்டும். அது தினமும் போகிறது, சின்னதாகப் போகிறது, கைக்காசாகப் போகிறது. அப்படியென்றால் மீட்பதும் தினமும், சின்னதாக, கைக்காசாக நடக்க வேண்டும்.

முதல் 14 நாள் எதையும் மாற்ற வேண்டாம். எண்ணினால் மட்டும் போதும். சுவரில் தொங்குகிற கலண்டரில் அந்தந்த நாளின் கட்டத்துக்குள் ஒரு சிகரட்டுக்கு ஒரு கோடு. பத்துகிறவரே தன் கையால் போட வேண்டும், பிள்ளைகள் ஒற்றர் வேலை பார்க்கக் கூடாது. வெற்றிலைக்கும் தனிக் கோடு. அம்மாவும் கோடு போடுகிற வீட்டில் அப்பாவுக்குத் தன்னை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதாகத் தோன்றாது. நண்பருக்கு வாங்கிக் கொடுத்ததையும் எண்ணுங்கள், அதுவும் வீட்டுக் காசுதான். 14 நாள் முடிய, கோடுகளைக் கூட்டி விலையால் பெருக்கி, அதை ரெண்டாகப் பெருக்கினால் மாதக் கணக்கு ஓரளவு வந்துவிடும். "நாலுதான்" என்றவருக்கு ஆறு வந்து நிற்பதும் உண்டு. அந்த நேரத்தில் யாரும் "பாத்தியா?" என்று கேட்காமல் இருப்பது முக்கியம். கோடே சொல்லிவிடும்.

அடுத்தது, அந்தக் காசுக்கு ஒரு பேர் வைக்க வேண்டும். "சேமிப்போம்" என்றால் அது காற்றோடு போய்விடும். எங்கள் கணக்கு வீட்டில் 12,000க்கு இப்படிப் பேர் வைக்கலாம்: ரெண்டு பிள்ளைகளுக்கும் தினம் ஒரு முட்டை, 40 ரூபாப்படி 60 முட்டை 2,400. பருப்பு ஐந்து கிலோ 1,500. நெத்தலி 1,500. பால்மா ரெண்டு பைக்கற் 2,200. பெரியவனுக்கு ரெண்டு பாட டியூசன் 2,400. பாட்டிக்கு வெளியே வாங்குகிற மருந்தும் கிளினிக் பஸ் காசும் 1,900. கூட்டினால் 11,900. நூறு ரூபா மிச்சம்கூட இருக்கு. புதிதாக ஒரு சதம் வருமானம் வரவில்லை, யாரிடமும் கடன் படவில்லை.

ஆனால் முதல் மாதமே ஆறுக்கும் ஆசைப்பட வேண்டாம். ஒன்றை மட்டும் எடுங்கள். முட்டை நல்ல தொடக்கம் என்பது எங்கள் எண்ணம். அது தினமும் வாங்கக்கூடியது, தட்டில் கண்ணுக்குத் தெரிவது. டியூசன் காசுக்காக மாதம் முழுக்கத் தகரப்பேணியில் காசைச் சேர்த்தால் அந்தப் பேணியே ஒரு சோதனையாகிவிடும். ராத்திரி ஒன்பது மணிக்கு அடக்க முடியாமல் வருகிறபோது பேணியில் 3,000 இருந்தால் அது நிற்காது. முட்டையாக மாறிய காசைத் திருப்பி சிகரட் ஆக்க முடியாது. டியூசனுக்கும் அப்படியே செய்யலாம், வாரம் வாரம் 600 ரூபாவாக சேரிடம் கொடுத்துவிடலாமா என்று கேட்டுப் பாருங்கள். பலர் சம்மதிப்பார்கள், அவர்களுக்கும் காசு வந்தால் சரி.

மூன்றாவது, நேரம். நாட்கூலி வாங்குகிறவர் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில்தான் கடை இருக்கு. வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால் மிச்சம்தான் கிடைக்கும். அதனால் முட்டையை அவரே வரும் வழியில் வாங்கி வரட்டும். காசை யாரிடமும் ஒப்படைக்கிற தாழ்வு இல்லை, வாங்கி வந்த கௌரவமும் அவருக்கே. கொழும்பில் கடையில் வேலை செய்கிற அப்பா என்றால் மாதக் கடைசியில் அனுப்புகிற காசோடு இதைக் கலக்காமல், வாரத்துக்கொரு நாள் போன் மூலம் இதை மட்டும் தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.

விடுவதா, குறைப்பதா?

நாலை ரெண்டாக்கினால் 6,000 மிஞ்சும் என்பது கணக்குக்குச் சரி. உடம்புக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. எண்ணிக்கையைக் குறைக்கிறவர் மிஞ்சிய சிகரட்டை ஆழமாக இழுத்து, அடிக்கட்டை வரை பத்திப் பழைய நிக்கொட்டினை ஓரளவு எடுத்துவிடுவார். கொஞ்ச நாளில் ரெண்டு மூன்றாகும், பிறகு நாலாகும். சிகரட்டை விட்டு பீடிக்கு மாறுவதும் இதே மாதிரித்தான்: காசு கொஞ்சம் மிஞ்சும், நெஞ்சுக்கு எந்த ஆறுதலும் இல்லை. குறைப்பதை ஒரு படியாக வைத்து, விடுகிற திகதியையும் முன்கூட்டியே குறிப்பதுதான் நல்லது.

விட்ட முதல் ரெண்டு மூன்று நாள்தான் ஆகக் கடுமை. எரிச்சல், நித்திரையின்மை, கவனம் நிற்காமை, எப்போதும் பசி. பிறகு மெல்ல இறங்கி, ரெண்டு முதல் நாலு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். இது வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த மூன்று நாளும் அவர் எரிந்து விழுவார், அது குணம் இல்லை, உடம்பு கேட்கிறது. சம்பளம் எடுத்த அன்று தொடங்க வேண்டாம், பை நிறைந்திருக்கும், கூட்டாளிகளும் சுற்றி நிற்பார்கள். ஒவ்வொரு ஆசையும் சில நிமிசத்தில் தணிந்துவிடும், தண்ணி குடித்து, எழுந்து நடந்து அதைக் கடத்த வேண்டும். பிளேன்ரீயோடு பத்திப் பழகியவர் கொஞ்ச நாளைக்குத் தேத்தண்ணியை வேறு இடத்தில், வேறு நேரத்தில் குடித்துப் பார்க்கலாம். புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் 1948 என்ற இலக்கத்துக்கு எடுத்து ஆலோசனை கேட்கலாம்.

வெற்றிலை விசயத்தில் முதலில் போயிலையை எடுத்துவிடுங்கள். ஆனால் பாக்கும் அப்பாவி இல்லை. அதுவும் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. இலங்கை ஆண்களிடம் ஆகக் கூடுதலாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். எனவே வீட்டில் வெற்றிலை போடுகிறவர்களின் வாயைப் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், உறைப்புப் பட்டதும் தாங்க முடியாத எரிவு, மூன்று விரலை நிமிர்த்தி உள்ளே வைக்க முடியாதபடி வாய் திறக்கக் கஷ்டம், இதில் ஒன்று இருந்தாலும் அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். காசு மிச்சம் பிடிக்கிற கதையில் இதுவும் சேரும். புற்றுநோய் வந்த வீட்டில் சிகிச்சை இலவசமாக இருந்தாலும், மஹரகமவுக்குப் போய்வருகிற செலவும், கூடப் போகிறவர் இழக்கிற நாட்சம்பளமும் இலவசம் இல்லை.

எங்கே பிசகும்?

பிலிப்பைன்சில் ஒரு வங்கி செய்த பரிசோதனை இங்கே யோசிக்க உதவும். புகைக்கிறவர்களுக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுத்தார்கள். ஆறு மாதம் அதில் காசு போட வேண்டும். முடிவில் சிறுநீர்ப் பரிசோதனையில் புகைக்கவில்லை என்று தெரிந்தால் காசு முழுவதும் திரும்பும், புகைத்திருந்தால் முழுவதும் தர்மத்துக்குப் போய்விடும். 2010இல் வெளியான முடிவின்படி, கேட்டவர்களில் 11 சதவீதம் பேர்தான் சேர்ந்தார்கள். ஆனால் அந்தக் கணக்கு வழங்கப்பட்ட கூட்டத்தில், வழங்கப்படாதவர்களைவிட மூன்று சதவீதப் புள்ளி கூடுதலானவர்கள் விட்டிருந்தார்கள். ஒரு வருசம் கழித்துத் திடீரென்று பரிசோதித்தபோதும் அந்த வித்தியாசம் நின்றது. சின்ன வெற்றிதான், ஆனாலும் நின்ற வெற்றி.

இதை எங்கள் ஊர்ச் சீட்டு மாதிரி மாற்றிச் செய்யலாம். விட நினைக்கிற நாலைந்து கூட்டாளிகள் வாரம் ஒருமுறை தங்கள் சிகரட் காசை எல்லாரும் நம்புகிற ஒரு அக்காவிடம் கொடுக்கட்டும். மூன்று மாதம் தாக்குப்பிடித்தவர் தன் காசைத் தன் கையாலேயே எடுத்து, நினைத்ததை வீட்டுக்கு வாங்கிப்போகலாம். தவறியவரின் காசு அவர் கைக்கு வராது, அவருடைய பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு நேரே போய்விடும். அவருக்கு ரோசம் வரும், பிள்ளைக்கு நட்டம் வராது. பிலிப்பைன்ஸ் முறையை அப்படியே எடுத்தால், அப்பா தவறியதற்குப் பிள்ளைதான் திரும்பவும் தண்டம் கட்ட வேண்டிவரும்.

காசு ஒழுகுகிறதா என்று கண்டுபிடிக்க வழி இருக்கு. கலண்டரில் கோடு குறைகிறது, ஆனால் முட்டை வரவில்லை என்றால் காசு வேறெங்கோ போகிறது, அநேகமாகச் சாராயத்துக்கு. முட்டையும் வருகிறது, கோடும் இல்லை, ஆனால் கடைக் கொப்பி வீங்குகிறது என்றால் சிகரட் இப்போது கடனில் "சில்லறைச் சாமான்" என்ற பேரில் ஏறுகிறது. கொப்பியை மாதத்துக்கொருமுறை வரி வரியாக வாசியுங்கள், மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். ஒரு நாள் தவறி ஒன்று பத்தினால் எல்லாம் போச்சு என்று அர்த்தம் இல்லை. அன்றைக்கு ஒரு கோடு, அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. காசு கேட்டால் கை ஓங்குகிற வீடுகளும் இருக்கு. அங்கே இந்தக் கணக்கை அம்மா தலையிலோ பிள்ளை தலையிலோ கட்டாதீர்கள். அவர் மதிக்கிற மாமாவோ, தலைவரோ, வேலைக் கூட்டாளியோதான் அதைக் கதைக்க வேண்டும். இன்னொன்று: தம்பியை "ஓடிப்போய் ஒரு சிகரட் வாங்கிட்டு வா" என்று அனுப்புகிற பழக்கத்தை இன்றைக்கே நிறுத்தலாம். 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்பதே குற்றம்.

விலை ஏறினால் ஏழைக்குப் பாதிப்பா?

ஒவ்வொரு தடவை வரி ஏறும்போதும் "இது ஏழையின் பையில்தான் அடிக்கும்" என்று ஒரு குரல் கேட்கும். எங்கள் பதில் நேரடியானது. விலை ஏறினால் விற்பனை குறையும், காசு குறைந்தவர்கள்தான் கூடுதலாக விடுவார்கள், பெடியன்கள் தொடங்குவதும் குறையும். ஆகவே வரி ஏறட்டும். ஆனால் விடமுடியாமல் போன வீட்டில் என்ன நடக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. அங்கே 400 ரூபா 440 ஆகும், மாதம் 1,200 ரூபா கூடும். அது மேலே சொன்ன டியூசனில் ஒரு பாடம். அதனால் வரி ஏற்றுகிற அரசாங்கம் அந்த வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து, புகையிலையை விட உதவுகிற மருந்தையும் ஆலோசனையையும் தோட்டத்து வைத்திய நிலையம் வரை, தமிழில், இலவசமாகக் கொண்டுவர வேண்டும். வரியை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளைக் கைவிடுவது பாதி வேலை.

ஏழையின் பையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அந்தக் காசு எங்கே போகிறது என்பதையும் பார்க்கட்டும். இந்த நாட்டில் சிகரட் உற்பத்தி செய்கிற சிலோன் டுபாக்கோ கம்பனியின் பங்குகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிரிட்டிஷ் அமெரிக்கன் டுபாக்கோவுக்குச் சொந்தம். அம்மாவின் 10 நாள் கொழுந்துக் காசில் வரியும் கடைக்காரர் பங்கும் போக, இலாபத்தின் பெரும்பகுதி கடல் தாண்டிப் போகிறது. தேயிலைதான் கப்பல் ஏறுகிறது என்று நினைத்திருந்தோம், தேயிலை பறித்த கூலியும் பின்னாலேயே ஏறுகிறது.

இதை வாசிக்கிற உங்களில் பலர் அந்த வீட்டு மூத்த பிள்ளையாக இருப்பீர்கள். அப்பாவுக்குப் புத்தி சொல்லப் போக வேண்டாம். பிள்ளை சொல்லிக் கேட்கிற புத்தி எந்த அப்பாவுக்கும் கசக்கும். கலண்டரையும் ஒரு பேனையையும் அவர் பக்கத்தில் வையுங்கள், "14 நாளைக்குக் கோடு மட்டும் போடுங்கப்பா, விடச் சொல்லமாட்டேன்" என்று மட்டும் கேளுங்கள். அந்தக் காசு யாருடையது என்று பதினைந்தாம் நாள் வீடு கூடிக் கதைக்கட்டும்.